பரிபார் என்றால் பரிவாரம் அல்ல

(வத்தல்மலையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சொற்பொழிவுக்குத் தமிழில் இன்னொரு பெயர் உபந்யாசம். கோயில் மண்டபத்தில் ராமாயணம் சொல்பவரை உபந்யாசகர் என்று அழைத்துப் பழகிய காதுக்கு, கொல்கத்தாவில் ஒரு புத்தகக் கடைக்காரர் ‘உபொன்னாஷ்’ எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும்போது சிறு தடுமாற்றம் வரும். அவர் காட்டுவது நாவல்களை. சொல் ஒன்றே, சமஸ்கிருத மூலமும் ஒன்றே. தமிழில் அது மேடைக்குப் போனது, வங்காளியில் அச்சுக்கூடத்துக்குப் போனது.

நாவலை மொழிபெயர்ப்பவருக்கு இந்தத் தடுமாற்றம் பெரிய கெடுதல் செய்வதில்லை. த. நா. குமாரசாமியும் சு. கிருஷ்ணமூர்த்தியும் வங்காளியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்த நாவல்களில் முந்நூறு, நானூறு பக்கங்களுக்குக் கதை ஓடுகிறது. ஒரு சொல் பிசகினால் அடுத்த பத்தியில் கதையே அதைத் திருத்திவிடும். ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கம் அப்படிப்பட்டதல்ல. வங்காளியில் அதற்கு ‘ஷார்ஷொங்க்கேப்’ என்று பெயர். சாரம், சங்க்ஷேபம் என்ற இரண்டு சொற்களும் அதற்குள் தெரியும். நூற்றைம்பது, இருநூறு சொற்களில் முழு ஆய்வும் அடங்கிவிட வேண்டும். அதில் ஒரு சொல் தவறினால் திருத்த அடுத்த பக்கம் கிடையாது. பலர் சுருக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கட்டுரைக்குள் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

இந்த உரைக்காகவே எழுதப்பட்ட ஒரு மாதிரிச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். இது எந்த ஆய்விதழிலும் வெளிவந்ததல்ல. ஆனால் வங்காளி ஆய்விதழ்களைப் புரட்டுபவர்கள் நாள்தோறும் பார்க்கும் நடையில் அமைந்தது. பொருள் மலைவாழ் மக்களின் விவசாயம். சாமையும் ராகியும் காப்பியும் மிளகும் விளையும் வத்தல்மலையில் நின்று பேசும்போது வேறு பொருளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நான்கு வாக்கியங்கள், கடைசியில் ஒரு வரி திறவுச்சொற்கள். வங்காளி ஒலியைத் தமிழ் எழுத்தில் முடிந்த அளவு கொடுத்தால் முதல் வாக்கியம் இப்படி வரும்:

‘எய் ப்ரொபொந்தே பாஹாடி உபொஜாதிர் க்ரிஷொக் பொரிபாரேர் ஜீபிகா ஓ பாஷா-பெபொஹார் பொர்ஜாலோசொனா கொரா ஹொயெச்சே.’

கேட்ட மாத்திரத்தில் எதுவும் பிடிபடாது. மூன்று விதிகள் தெரிந்தால் திரை விலகும். வங்காளியில் மெய்யோடு ஒட்டிய அகரம் பல இடங்களில் ஒகரமாக ஒலிக்கும். வகரத்துக்குத் தனி எழுத்து வடிவம் இல்லை. ப, வ இரண்டும் ஒரே உருவாகி, தமிழ்க் காதுக்கு அது பகரமாகவே கேட்கும். சொல்லின் இறுதியில் தமிழ் வைத்துக்கொள்ளும் ‘அம்’ அங்கே கிடையாது. இந்த மூன்றையும் திருப்பிப் போட்டால் ப்ரொபொந்தொ பிரபந்தம் ஆகிறது, பொரிபார் பரிவாரம் ஆகிறது, பெபொஹார் விவகாரம் ஆகிறது, உபொஜாதி உபஜாதி ஆகிறது. புதிதாகக் கற்பவருக்கு இந்த இடத்தில் பெரும் மகிழ்ச்சி உண்டாகும். அன்னிய மொழி என்று நினைத்தது பாதிக்கு மேல் தெரிந்த மொழி என்று தோன்றும்.

அந்த மகிழ்ச்சியோடு மொழிபெயர்த்தால் கிடைப்பது இது: ‘இந்தப் பிரபந்தத்தில் மலை உபஜாதியின் விவசாயப் பரிவாரத்தின் ஜீவிதமும் பாஷை விவகாரமும் ஆலோசனை செய்யப்பட்டுள்ளன.’

இதைப் படிக்கும் தமிழர் என்ன புரிந்துகொள்வார்? பிரபந்தம் என்றதும் ஆழ்வார் பாசுரம் நினைவுக்கு வரும், அல்லது உலா, தூது, கலம்பகம் போன்ற சிற்றிலக்கியம். வங்காளியில் அது சாதாரணக் கட்டுரை. பள்ளிக்கூடப் பையன் எழுதுவதும் ப்ரொபொந்தொதான். பரிவாரம் என்றால் ராஜாவோ மந்திரியோ புறப்படும்போது பின்னால் வரும் கூட்டம், அல்லது மூல தெய்வத்தைச் சுற்றியிருக்கும் பரிவார தெய்வங்கள். வங்காளியில் பொரிபார் என்பது குடும்பம், அப்பா அம்மா பிள்ளைகள். விவகாரம் என்றால் தமிழில் வழக்கு, தகராறு, பஞ்சாயத்துக்கு வந்த சமாச்சாரம். வங்காளியில் பெபொஹார் என்றால் பயன்படுத்துதல். ‘பாஷா-பெபொஹார்’ என்பது மொழிப் பயன்பாடு. அதை ‘மொழி விவகாரம்’ என்று எழுதினால், மலையில் மொழிச் சண்டை நடப்பதாக ஒரு ஆய்வே பிறந்துவிடும்.

பொர்ஜாலோசொனாவுக்குள் இருப்பது ஆலோசனை. தமிழில் ஆலோசனை இருவர் கூடிச் செய்வது, அல்லது ஒருவர் மற்றவருக்குச் சொல்வது. வங்காளியில் ஆலோசொனா என்றால் ஒரு பொருளை எடுத்து விவாதித்தல். ‘பொரி’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் நாலாபுறமும் பார்த்து ஆராய்தல். அதனால்தான் வங்காளிச் சுருக்கங்களில் ‘ஆலோச்சொ ப்ரொபொந்தே’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. ‘இக்கட்டுரையில்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

உபொஜாதி இவற்றையெல்லாம் விட ஆபத்தானது. உப என்றால் கீழே, துணை. ஜாதி என்றால் தமிழில் சாதி. சேர்த்தால் உட்சாதி. வங்காளியில் ஜாதி என்ற சொல்லுக்குச் சாதி என்ற பொருளும் உண்டு என்றாலும், இனம், தேசிய இனம், நாட்டு மக்கள் என்ற பொருள்களே அச்சு நடையில் மேலோங்கி நிற்கின்றன. உபொஜாதி என்பது பழங்குடி. வங்கதேச அரசியல் சட்டத்தில் 2011-ஆம் ஆண்டின் பதினைந்தாம் திருத்தம் 23அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தபோது அதில் உபொஜாதி, சிறு ஜாதிஷொத்தா, ந்ரிகோஷ்டி, ஷொம்ப்ரொதாய் என்று நான்கு சொற்களை அடுக்கி வைத்தது. கடைசிச் சொல் சமூகக் குழுவைக் குறிக்கிறது. தமிழில் அதே சொல் சம்பிரதாயம் ஆகி, முன்னோர் வழக்கத்தைக் குறிக்கிறது.

உட்சாதிக்கும் பழங்குடிக்கும் உள்ள வேறுபாடு அகராதியோடு நிற்பதல்ல. தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் மலையாளி என்ற பெயர் எல்லா மாவட்டங்களுக்குமாக இல்லை. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே அது குறிக்கப்பட்டிருக்கிறது. வத்தல்மலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் எப்படிப்பட்ட பொருள் என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. ஒரு வங்காளி ஆய்வாளர் ‘பழங்குடி’ என்று எழுதியதை ஒரு தமிழர் ‘உட்சாதி’ என்று மாற்றினால், ஆய்வின் பொருளே வேறு அடுக்குக்குப் போய்விடுகிறது.

ஆகவே முதல் வாக்கியத்தின் சரியான தமிழ்: ‘மலைவாழ் பழங்குடி வேளாண் குடும்பங்களின் வாழ்வாதாரத்தையும் மொழிப் பயன்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.’

சொற்களில் இத்தனை மாற்றம் வேண்டியிருந்தது. வாக்கிய அமைப்பில் எவ்வளவு வேண்டியிருந்தது என்று பார்த்தால் வியப்பு வரும். மலைவாழ் பழங்குடி, பிறகு குடும்பத்தின், பிறகு வாழ்வாதாரம், பிறகு மொழிப் பயன்பாடு, கடைசியில் வினை. வரிசை அப்படியே இருக்கிறது. வங்காளி இந்தோ-ஆரியக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம். ஆனால் வினை கடைசியில் வருவது, உடைமையைச் சொல்லும் ‘ஏர்’ உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, அடைமொழி முன்னால் நிற்பது எல்லாமே தமிழனுக்குப் பழகிய நடை. மொழிபெயர்ப்பில் பயந்து பார்க்க வேண்டியது வாக்கியத்தை என்றும், நம்பி எடுக்க வேண்டியது வடசொல்லை என்றும் பலர் நினைக்கிறார்கள். வங்காளிக்கும் தமிழுக்கும் இடையே நடப்பது இதற்கு நேர் எதிர்.

மாற்றிய இடங்கள் சிறியவை. வங்காளியில் ‘ஓ’ என்ற இணைப்பு இரு பெயர்களுக்கு நடுவே ஒரு முறை வந்தால் போதும். தமிழில் ‘உம்’ இரண்டின் மீதும் ஏற வேண்டும். அங்கே அஃறிணைச் செயப்படுபொருளுக்கு உருபு தேவையில்லை, இங்கே ‘ஐ’ இட்டால்தான் வாக்கியம் நிமிரும். பொரிபாரேர் என்பது ஒருமை வடிவம். பொதுவாகச் சொல்லும்போது வங்காளிக்கு அது போதும், தமிழுக்குக் குடும்பங்கள் என்ற பன்மை வேண்டும். இன்னொன்று ‘கொரா ஹொயெச்சே’. செய்யப்பட்டுள்ளது என்று பொருள். யார் செய்தார் என்று சொல்லாமல் ஒதுங்கி நிற்கும் இந்த வடிவம் வங்காளி ஆய்வுநடையில் மூச்சு விடுவதுபோல் இயல்பாக வரும். அதை வரிக்கு வரி ‘படு’ போட்டுத் தமிழாக்கினால், ஆராயப்பட்டுள்ளது, காட்டப்பட்டுள்ளது, முன்வைக்கப்பட்டுள்ளது என்று சுருக்கம் முழுக்கக் கல் தடுக்கும். கட்டுரையையே எழுவாயாக்கி ‘இக்கட்டுரை ஆராய்கிறது’ என்றால் பொருளும் கெடாது, தமிழும் நடக்கும்.

இரண்டாம் வாக்கியம்: ‘ஷொமீக்காய் ஜேஷொப் பொரிபார் ஒங்ஷொக்ரொஹொன் கொரெச்சே, தாதேர் ஒதிகாங்ஷொய் ஷாமா சாஷ் செடே கொஃபி சாஷ் ஷுரு கொரெச்சே.’

சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘ஆய்வில் எந்தக் குடும்பங்கள் பங்கேற்றனவோ, அவற்றில் பெரும்பாலானவை சாமைச் சாகுபடி விட்டுக் காப்பிச் சாகுபடி தொடங்கியுள்ளன’ என்று வரும். இந்தச் சுருக்கத்தில் அமைப்பு மெய்யாகவே வேறுபடும் முதல் இடம் இதுதான். வங்காளி ‘ஜே’ என்று ஒன்றைத் தூக்கி வைத்து, ‘தா’ என்று அடுத்த பாதியில் அதைப் பிடித்துக்கொள்ளும். எது-அது, எவர்-அவர் என்ற இரட்டைக் கட்டு. தமிழிலும் ‘எவன் விதைத்தானோ அவனே அறுப்பான்’ என்று சொல்ல முடியும். ஆனால் அது பழமொழிக்கும் பிரசங்கத்துக்கும் உரிய நடை. ஆய்வுச் சுருக்கத்தில் வந்தால் கட்டுரையாளர் மேசை தட்டிப் பேசுவதுபோல் இருக்கும்.

தமிழுக்குப் பெயரெச்சம் இருக்கிறது. முன்பாதி முழுவதும் ‘ஆய்வில் பங்கேற்ற’ என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிக் குடும்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிடும்: ‘ஆய்வில் பங்கேற்ற குடும்பங்களில் பெரும்பாலானவை சாமைச் சாகுபடியை விட்டுக் காப்பி பயிரிடத் தொடங்கியுள்ளன.’

இந்த வாக்கியத்தில் உற்றுப் பார்க்க வேண்டிய சொல் ‘செடே’. பொருள் ‘விட்டு’. வினை முடியாமல் நின்று அடுத்த வினைக்கு வழிவிடும் வினையெச்சம். ‘வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்’ என்று தமிழ் கோத்துக்கொண்டே போவதுபோல் வங்காளியும் கோக்கும். இதற்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. இப்படிக் குடும்பம் வேறானாலும் நடை ஒத்துப்போகும் கூறுகளைத் தொகுத்து, இந்தியாவை ஒரு மொழியியல் வட்டாரமாகப் பார்க்கலாம் என்று மறே எமனோ 1956-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1926-இல், சுநீதி குமார் சட்டர்ஜி வங்காளி மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றிய பெருநூலில் திராவிடச் சாயலைக் கவனித்திருந்தார்.

அந்தச் சாயல் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்குச் சுருக்கத்துக்கு வெளியே ஒரு சிறு உதாரணம் போதும். ‘ஷே ஆஷ்பே போலே ஜானி’ என்று வங்காளி சொல்லும். ‘வருவான் என்று தெரியும்’ என்பது தமிழ். ‘போலே’ என்பது சொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்த எச்சம், ‘சொல்லி’ என்று பொருள். ‘என்று’ என்பதும் என் என்ற சொல்லுதல் வினையின் எச்சம்தான். இரு மொழிகளும் ‘சொல்லி’ என்பதையே எடுத்து, மனத்தில் உள்ளதைக் கோக்கும் ஊசியாக்கிக்கொண்டன. ஒரே ஒரு சங்கடம். ‘ஷே’ என்பது அவனா அவளா என்று வங்காளி சொல்லாது. வினையும் சொல்லாது. தமிழ் வினைமுற்று கேட்டே தீரும். இரண்டாம் வாக்கியத்திலும் அதே கதைதான். ‘கொரெச்சே’ ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. தமிழில் குடும்பங்கள் அஃறிணைப் பன்மை, ஆகவே ‘தொடங்கியுள்ளன’. குடும்பத்தினர் என்று உயர்திணையாக்கினால் ‘தொடங்கியுள்ளனர்’. வங்காளி மூலத்தில் இல்லாத முடிவை மொழிபெயர்ப்பவர் எடுத்தாக வேண்டும்.

சாமை பற்றி ஒரு எச்சரிக்கை. ஷாமா, ஷெமா என்று ஒலிக்கும் பெயர்கள் வடக்கிலும் கிழக்கிலும் சாமைக்கும் குதிரைவாலிக்கும் இடையே வழுக்கிக்கொண்டிருக்கின்றன. தமிழில் இரண்டும் வெவ்வேறு தானியம். மலையில் வளர்ந்த சிறுவனுக்குக்கூட இதில் குழப்பம் கிடையாது. கட்டுரைக்குள் தாவரவியல் பெயர் பேனிக்கம் என்று தொடங்கினால் சாமை, எக்கினோகுளோவா என்று தொடங்கினால் குதிரைவாலி. காதுக்கு ஒத்த ஒலியை நம்பாமல் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இந்தச் சொல்லை எழுத வேண்டும்.

மூன்றாம் வாக்கியம்: ‘ஷிக்கார் ஒபாப் நொய், பொரொங் பாஜாரேர் சாஹிதாய் எய் பொரிபொர்தொனேர் ப்ரொதான் காரொன்.’

ஷிக்கா என்பது சிக்ஷா. ‘க்ஷ’ என்ற எழுத்து வங்காளியில் ‘க்க’ ஆகிவிடும். தமிழில் அது சிட்சை, தண்டனை. வாத்தியார் கையில் பிரம்பு இருந்த காலத்தில் படிப்பும் தண்டனையும் ஒரே சொல்லில் குடியிருந்தன போலும். வங்காளியில் படிப்பு மட்டும் மிஞ்சியது, தமிழில் பிரம்பு மட்டும் மிஞ்சியது. ‘தண்டனையின்மை அல்ல’ என்று தவறாக மொழிபெயர்க்க யாரும் துணியமாட்டார்கள், ஏனென்றால் அந்தப் பொருள் வாக்கியத்தில் ஒட்டாது. ஒட்டாத பொருளைக் கொடுக்கும் சொல் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒட்டுவதுபோல் நடிக்கும் சொல்தான் தப்பித்துப் போகும்.

இந்த வாக்கியம் தமிழில் வைக்கும்போது சுகமாக உட்காரும்: ‘கல்வியின்மை அன்று, சந்தையின் தேவையே இம்மாற்றத்திற்கு முதன்மைக் காரணம்.’ ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ‘இஸ்’ என்று ஒரு வினை வேண்டும். வங்காளிக்கும் தமிழுக்கும் வேண்டாம். பெயர் பெயரோடு நின்றே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ‘நொய்’ என்பது ‘அன்று’, ‘அல்ல’ என்பதற்கு நேர். அதைவிட அழகு ‘சாஹிதாய்’ என்பதன் கடைசியில் ஒட்டிய சின்ன ‘இ’. தேவை என்ற சொல்லின் மேல் விரலை வைத்து ‘இதுதான்’ என்று அழுத்துகிறது. தமிழ் தேற்றேகாரம் செய்வதும் அதே வேலை, அதே இடத்தில், அதேபோல் ஒற்றை உயிரெழுத்தால். ஆங்கிலத்தின் வழியாக இந்த வாக்கியம் வந்திருந்தால் அந்த ஏகாரம் வழியிலேயே உதிர்ந்திருக்கும்.

காரணம் என்ற சொல்லைத் தமிழில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிரதான காரணம் என்றும் எழுதலாம், தவறில்லை. பொதுவான வடசொல் என்பதற்காக ஒன்றை விரட்ட வேண்டியதில்லை. வங்காளியில் இருக்கிறதே என்பதற்காக உள்ளே விடவும் வேண்டியதில்லை. தமிழில் இன்று அந்தச் சொல் என்ன வேலை பார்க்கிறது என்பதே கேள்வி.

நான்காம் வாக்கியத்தில் எல்லாப் பொறிகளும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன: ‘லேகொகேர் ஷித்தாந்தொ எய் ஜே, ஜாதியொ நீதி ப்ரொனொயொனே ஸ்தானியொ க்யான்கே குருத்தொ தேவா உசித்.’

எழுத்து எழுத்தாக வடமொழிக்குத் திருப்பினால் ஜாதிய நீதி. தமிழில் ‘சாதிய நீதி’. எவ்வளவு சரளமாக வருகிறது! தமிழ் ஆய்வுலகில் சாதி பற்றியும் சமூக நீதி பற்றியும் அன்றாடம் எழுதப்படுவதால், படிப்பவர் ஒரு கணமும் நின்று யோசிக்கமாட்டார். ஆனால் மூலம் சொல்வது தேசியக் கொள்கை. வங்காளியில் நீதி என்றால் கொள்கை, நெறி. தமிழில் நீதி நூல் என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. மற்றபடி நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. வங்காளி நீதிமன்றப் பொருளுக்கு ‘ந்யாய்பிசார்’ என்ற வேறு சொல்லை வைத்துக்கொண்டது. தேசியக் கொள்கை பற்றிய ஒரு பரிந்துரை சாதி பற்றிய பரிந்துரையாக மாறி, யாரும் கவனிக்காமல் மேற்கோள்களில் பயணம் செய்துகொண்டிருக்க முடியும்.

குருத்தொ என்பது குருத்வம். வங்காளியில் முக்கியத்துவம். தமிழ்க் கிறித்தவ வழக்கில் குருத்துவம் என்றால் குருப்பட்டம் பெறுதல். உள்ளூர் அறிவுக்கு யாரும் குருப்பட்டம் கொடுக்கச் சொல்லவில்லை. சித்தாந்தம் என்றதும் தமிழனுக்குச் சைவ சித்தாந்தம், இல்லாவிட்டால் ஒரு கட்சியின் கோட்பாடு. வங்காளியில் அது எடுத்த முடிவு. கூட்டத்தில் நிறைவேற்றும் முடிவும் ஷித்தாந்தொதான். ‘உசித்’ கொஞ்சம் நுட்பமானது. தமிழில் உசிதம் என்றால் பொருத்தம், ‘செய்தால் நல்லது’ என்ற அளவு. வங்காளியில் அதற்கு ‘வேண்டும்’ என்ற வலு உண்டு. ‘அளிப்பது உசிதம்’ என்று எழுதினால் ஆய்வாளரின் குரல் தாழ்ந்துவிடும்.

அமைப்பில் ஒரே ஒரு திருப்பம். வங்காளி ‘முடிவு இதுதான், அதாவது’ என்று தொடங்கி, முடிவைப் பின்னால் அவிழ்க்கிறது. தமிழில் ‘என்பது’ இருக்கும்போது தலைகீழாக்கிவிடலாம்: ‘தேசியக் கொள்கை வகுக்கும்போது உள்ளூர் அறிவுக்கு முக்கியத்துவம் அளிக்க வேண்டும் என்பது கட்டுரையாளரின் முடிவு.’

ஒரே ஊற்றுச் சொற்கள் ஏன் இப்படிப் பிரிந்தன? சேலம் மாவட்டத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு. வத்தல்மலை இருக்கும் தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பய்யரும் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். கலைச்சொல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பரிபாஷை’. அதே சொல்தான் இன்றும் வங்காளியில் கலைச்சொல்லுக்குப் பெயர், ‘பொரிபாஷா’. 1934-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் ஒரு குழு அமைத்து ராஜசேகர் பாசுவைத் தலைவராக்கியபோது அதன் வேலையும் பொரிபாஷா ஆக்குவதுதான். ஆனால் சேலத்துச் சங்கம் பிறந்த அதே 1916-ஆம் ஆண்டை மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கத்துக்கும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் காற்று திரும்பியது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரே ‘கலைச்சொற்கள்’. பரிபாஷை என்ற சொல் பின்னால் தங்கிவிட்டது.

விளைவு தெளிவானது. வங்காளியில் வடசொற்கள் வகுப்பறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்ப் புதுப் பொருள் ஏற்றன. தமிழில் வகுப்பறைக்கு வேறு சொற்கள் வந்ததால், அதே வடசொற்கள் கோயிலிலும் கச்சேரியிலும் வீட்டிலும் முன்பே பெற்ற பொருளோடு தங்கின. பிரபந்தமும் உபந்யாசமும் கோயிலில், விவகாரம் கச்சேரியில், கல்யாணமும் சம்சாரமும் வீட்டில். வங்காளியில் கொல்லான் என்றால் நலம், ஷொங்ஷார் என்றால் குடும்ப வாழ்க்கை. ஒபொஷொர் என்றால் ஓய்வு. தமிழில் அது அவசரம் என்ற சொல்லாகி நேர் எதிராக ஓடுகிறது.

ஆகவே மேசைமேல் இரண்டு அகராதிகள் வேண்டும். வங்காளிச் சொல்லுக்கு வங்காளியிலேயே பொருள் சொல்லும் அகராதி ஒன்று. சாந்திநிகேதனில் ஹரிசரண் பந்தோபாத்யாய் தனியொருவராக உழைத்துத் தொகுத்த அகராதி அந்த வகை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மற்றொன்று. முதலாவது, வங்காளி என்ன சொல்கிறது என்று காட்டும். இரண்டாவது, தமிழ்ச் சொல் வேறு என்னவெல்லாம் சொல்லக்கூடும் என்று காட்டும். பிழை பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தமிழாக்கத்தில் தங்கியிருக்கும் வடசொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே நல்ல தமிழில் வேறொரு சொல் எழுதிப் பார்க்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் ஏது என்றோ மூலம் என்றோ எழுதினால் வாக்கியம் நிற்கும். விவகாரம் என்ற இடத்தில் தகராறு என்று எழுதியதும் வாக்கியம் சரியும். சரிந்த இடத்தில் மூலத்துக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ‘சாதிய நீதி’ போல இரண்டு தவறுகள் கைகோத்து நின்றால் வாக்கியம் சரியாது. அதற்கு வங்காளி தெரிந்த இன்னொருவர் தமிழாக்கத்தை மட்டும் படித்து, மூலம் என்னவாக இருக்கும் என்று திருப்பிச் சொல்ல வேண்டும்.

மீதி இருப்பது கடைசி வரி: ‘ஷூசொக் ஷொப்தொ: மாலொயாலி, உபொஜாதி, ஷாமா, கொஃபி’.

ஷொப்தொ என்றால் சத்தம் அல்ல, சொல். ஹரிசரணின் அகராதிப் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. திறவுச்சொற்கள் என்று தமிழில் எழுதலாம். பழங்குடி, சாமை, காப்பி மூன்றும் தீர்ந்த விஷயம். தீராதது முதல் சொல். வங்காளி வாசகருக்கு மாலொயாலி என்றால் கேரளத்தார், மலையாளம் பேசுகிறவர். தமிழ் வாசகரில் பலருக்கும் அப்படித்தான். வத்தல்மலையிலும் சேர்வராயனிலும் கல்வராயனிலும் வாழ்பவர்கள் தமிழ் பேசும் மலைக்குடிகள். அவர்கள் பெயரில் இருப்பது மலை. கட்டுரைத் தொகுப்புகளில் தேடுபவர் ‘மலையாளி’ என்று மட்டும் தட்டினால் கேரளம் பற்றிய கட்டுரைகள் வந்து குவியும், இந்தச் சுருக்கம் அடியில் புதைந்துபோகும். ஆகவே வங்காளி மூலத்தில் ஒற்றைச் சொல்லாக நிற்பதை, தமிழில் ‘மலையாளி பழங்குடியினர், தருமபுரி மாவட்டம்’ என்று மாவட்டப் பெயரோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.